தனியாக இருக்கும் அம்மாவுக்கு எந்த போன்? மன்னார்குடி வீட்டில் சோதித்துப் பொருத்திய அனுபவம்

அம்மாவுக்கு வயது 76. மன்னார்குடியில் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். நான் கோவையில், தம்பி பெங்களூரில். அம்மாவின் பழைய கீபேட் போனில் பேட்டரி உப்பி பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. சிவப்பு பொத்தானும் தேய்ந்துபோய், இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் இணைப்பு அறுந்தது. அடுத்தது என்ன வாங்குவது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும், அதனால் ஸ்மார்ட்போன் என்றான் தம்பி. எதிர்வீட்டு அத்தை, "தொட்டால் எங்கோ போய்விடுகிறது, அது வேண்டாம்" என்றார். அவர் சொன்னது சொந்த அனுபவம்.

கடைக்குப் போவதற்கு முன்னால், அம்மாவுக்கு போன் எந்தெந்த நேரத்தில் எதற்குத் தேவைப்படுகிறது என்று உட்கார்ந்து எழுதினேன். நாங்கள் கூப்பிட்டால் எடுக்க வேண்டும். எங்களைக் கூப்பிட வேண்டும், அதுவும் இரவு இரண்டு மணிக்குக் கண்ணாடி இல்லாமல், கை நடுங்கும்போது. சிலிண்டர் கொண்டுவருபவரிடம் எஸ்எம்எஸ்ஸில் வந்த எண்ணைச் சொல்ல வேண்டும். பேசுவது காதில் தெளிவாக விழ வேண்டும். கொல்லையில் வழுக்கி விழுந்தால் போன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பேரனைப் பார்ப்பது இவற்றுக்குப் பிறகு வருகிறது. ஆனால் அவர் அதிகம் ஆசைப்படுவது அதற்குத்தான்.

இந்தப் பட்டியலை வைத்து இரண்டையும் அருகருகே சோதித்துப் பார்த்தோம். ஒன்று தம்பி மாற்றிவிட்ட, நல்ல நிலையில் இருந்த ஆண்ட்ராய்டு போன். இன்னொன்று மடக்கும் வகை 4ஜி கீபேட் போன். நோக்கியா 2660 ஃப்ளிப் போன்றவை இந்த வகை: திறந்தால் பெரிய பொத்தான்கள், பக்கவாட்டில் தனியாக ஓர் அவசரப் பொத்தான், கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி.

முதலில் சிக்னல்

போன் வாங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. எங்கள் வீட்டுச் சுவர்கள் தடிமனானவை. வாசலில் நான்கு கோடு காட்டும் சிக்னல் கொல்லைப் பக்கக் குளியலறையில் இருக்கிறதா என்பதைக் கோடுகளை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு போனும் கோடுகளைத் தன் கணக்கில் காட்டுகிறது. உண்மையான அளவு ஆண்ட்ராய்டு போனிலேயே தெரியும். அமைப்புகளில் `About phone` என்ற பகுதிக்குப் போய் `SIM status` என்பதைத் திறந்தால் `Signal strength` என்று ஓர் எண் இருக்கும். பல போன்களில் `*#*#4636#*#*` என்று டயல் செய்தாலும் வரும். அந்த எண் எப்போதும் கழித்தல் குறியோடு இருக்கும்; பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 4ஜியில் -90 dBm வரை கவலையே இல்லை. -110ஐத் தாண்டினால் பேச்சு விட்டுவிட்டு வரும். -120ஐ நெருங்கினால் அழைப்பே அறுந்துபோகும்.

அம்மாவின் சிம் எந்த நிறுவனமோ அதே நிறுவனத்தின் 4ஜி சிம் ஒன்றை அந்த போனில் போட்டு வீடு முழுக்க நடந்தேன். கூடத்தில் -91. படுக்கையறையில், கட்டிலின் தலைமாட்டில் -106. குளியலறையில் கதவைச் சாத்தியதும் -118. அவர் விழுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடத்தில்தான் சிக்னல் மிக மோசம். எதிர்வீட்டு அத்தையின் சிம் வேறு நிறுவனத்தினுடையது. அதை வாங்கிப் போட்டுப் பார்த்தபோது அதே குளியலறையில் -101. அதோடு நிறுவனத்தை மாற்றுவது முடிவாகிவிட்டது.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்ற, அந்த சிம்மிலிருந்து `PORT` என்று எழுதி ஓர் இடம் விட்டு மொபைல் எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். வரும் குறியீட்டை எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போக வேண்டும். இங்கே வரிசை முக்கியம். அம்மாவின் சிம் பழைய 2ஜி சிம். அதைப் பழைய நிறுவனத்திலேயே 4ஜி சிம்மாக மாற்றிவிட்டு அப்புறம் போர்ட் செய்யலாம் என்று கடைக்காரர் சொன்னார். அப்படிச் செய்தால் சிம் மாற்றிய நாளிலிருந்து 7 நாட்களுக்குப் போர்ட் குறியீடு கிடைக்காது. 2024இல் வந்த விதி அது. நேராகப் போர்ட் செய்தால் புதிய நிறுவனம் எப்படியும் 4ஜி சிம்தான் தரும்.

கடையில் அம்மாவின் விரல் ரேகை கருவியில் பதியவில்லை. வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்து இப்படி ஆவது சாதாரணம். ஆதார் அட்டையையும் அவரையும் அங்கேயே படம் எடுத்துப் பதியும் முறையில் வேலை முடிந்தது. கடைக்காரர் "ரேகை விழாமல் ஆகாது" என்று சொன்னால், இந்த வழி இருக்கிறதே என்று கேளுங்கள். எண் மறைந்த அப்பாவின் பெயரில் இருந்தால் நிலைமை வேறு. பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிட்டுத்தான் போர்ட் பக்கம் போக முடியும். இறப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோங்கள்.

காது

போன் தேர்வில் கேட்கும் திறனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் முடிவைத் தீர்மானித்ததே அதுதான். அம்மா வலது காதில், மடலுக்குப் பின்னால் மாட்டும் கேட்புக் கருவி வைத்திருக்கிறார். பழைய போனில் பேசும்போதெல்லாம் "வண்டு கத்துகிறது" என்பார். கருவியில் கோளாறு என்று நினைத்துச் சரிபார்க்கப் போனபோதுதான் காரணம் புரிந்தது. 2ஜி போன் தொடர்ச்சியாக அலை அனுப்புவதில்லை. நொடிக்குச் சுமார் 217 தடவை விட்டுவிட்டு அனுப்புகிறது. அந்தத் துடிப்பைக் கேட்புக் கருவியின் மின்சுற்று பிடித்துக்கொண்டு ரீங்காரமாக மாற்றிவிடுகிறது. 4ஜி அழைப்பில் அந்தத் துடிப்பு கிடையாது.

இரண்டாவது காரணம் குரலின் தரம். பழைய 2ஜி அழைப்பில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் கடந்து வருகிறது. 4ஜி வழியாக வரும் வோல்ட்டி அழைப்பில் 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை வர முடியும். வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த ஒலிகளை. ச, த, ட போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் "சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறாய் என்று புரியவில்லை" என்கிறார்கள். அவர்களுக்குச் சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை; ஒலியின் அகலம் கூட வேண்டும்.

இதைச் சோதித்தே பார்த்தோம். நான் தெருமுனைக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டு, சீட்டு, தீட்டு, ஏட்டு, பத்து, எட்டு என்று முன்னும் பின்னும் இல்லாத சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் திரும்பச் சொல்ல, பக்கத்தில் இருந்த தம்பி குறித்துக்கொண்டான். பழைய போனில் பாதிக்கு மேல் மாறிப்போயின. 4ஜி கீபேட் போனில் ஓரிரண்டு மட்டுமே தவறின. ஆண்ட்ராய்டு போன் இரண்டுக்கும் நடுவில் நின்றது. வியப்பாக இருந்தது, அதிலும் அதே 4ஜிதான். காரணத்தைத் தேடியபோது, அதன் காதுப் பக்க ஒலித்துளை கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கீற்றாக இருப்பது தெரிந்தது. மேலே ஒட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடி அதில் பாதியை மறைத்திருந்தது. மீதியைத் தூசு அடைத்திருந்தது. கண்ணாடியைப் பிரித்து, உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைத்த பிறகு நன்றாகவே கேட்டது. ஆனால் தட்டையான பெரிய போனில் அந்தச் சின்னக் கீற்றைக் காதுக்கு நேராகப் பிடிப்பது அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் சரியாக அமையவில்லை. மடக்கு போனைத் திறந்தால் அது முகத்தின் வளைவுக்கு ஏற்ப நிற்கிறது. துளை தானாகக் காதுப் பக்கம் போய்ச் சேருகிறது.

கேட்புக் கருவி அணிபவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருவியின் மைக் காதுக் குழியில் இல்லை, மடலுக்கு மேலே இருக்கிறது. போனைச் சற்று உயர்த்தி, மடலின் மேல்பகுதியில் சாய்த்துப் பிடித்தால் குரல் சட்டென்று தெளியும். போன் பெட்டியில் M3, M4, T3, T4 என்ற குறியீடுகள் இருந்தால் அது கேட்புக் கருவியோடு ஒத்துப்போவதைச் சோதித்துத் தந்த தரம். 3ஐ விட 4 நல்லது.

போன் 4ஜி என்பதாலேயே அழைப்பும் 4ஜியில் போகிறது என்று நினைத்துவிடக் கூடாது. வோல்ட்டி அணைந்திருந்தாலோ, அந்த மாடலை நிறுவனம் ஆதரிக்கவில்லை என்றாலோ, அழைப்பு மட்டும் 2ஜிக்கு இறங்கிவிடும். பேசும்போது திரையில் HD அல்லது VoLTE என்ற குறி தெரிகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு அதைவிட எளிய அடையாளம் கிடைத்தது: வண்டு மறுபடி கத்தினால் அழைப்பு 2ஜிக்கு இறங்கிவிட்டது என்று பொருள். போனின் அமைப்பில் வோல்ட்டியை இயக்கியதும் வண்டு போய்விட்டது. ஜியோவுக்கு 2ஜி வலையமைப்பே இல்லை என்பதால் அதன் சிம் பழைய 2ஜி கீபேட் போனில் வேலை செய்யாது. மலிவான 4ஜி கீபேட் போன்களில் சில, ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டப்பட்டு வருகின்றன. போர்ட் செய்ய நினைப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

கை

ஆண்ட்ராய்டு போனை அம்மா கையாள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வந்த அழைப்பை எடுக்கப் பச்சை வட்டத்தை மேலே தள்ள வேண்டும். அவர் அழுத்தினார். எதுவும் நடக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். பொத்தான் என்றால் அழுத்துவது என்று 70 ஆண்டுகளாகப் பழகிய விரல் அது. முகப்புத் திரையில் என் படத்தைத் தொட்டால் அழைப்பு போகும்படி வைத்திருந்தேன். அதையும் அழுத்திப் பிடித்தார். படம் அசைந்து, "நீக்கு" என்ற சொல் மேலே வந்தது. விரலை எடுத்தபோது படம் வேறு மூலைக்குப் போய்விட்டிருந்தது. எதிர்வீட்டு அத்தை சொன்ன "எங்கோ போய்விடுகிறது" இதுதான். சில நேரம் தொட்டும் திரை உணரவில்லை. தொடுதிரை அழுத்தத்தை உணர்வதில்லை, விரலின் மின்தன்மையை உணர்கிறது. வயதானவர்களின் உலர்ந்த விரல்நுனியை அது தவறவிடுகிறது. பாத்திரம் கழுவிய ஈரக்கையிலோ தொடாததையும் தொட்டதாக எடுத்துக்கொள்கிறது.

இவற்றில் சிலவற்றுக்கு மருந்து உண்டு. `Accessibility` பகுதியில் `Touch & hold delay` என்பதை `Long` ஆக்கினால் தயங்கித் தொடும் விரலை அழுத்திப் பிடித்ததாகக் கொள்ளாது. சாம்சங் போன்களில் ஒலியைக் கூட்டும் பொத்தானால் அழைப்பை எடுக்கலாம், பக்கப் பொத்தானால் முடிக்கலாம். இவை நல்ல வசதிகள், செய்துவைத்தேன். அதற்குப் பிறகும் ஒரு சிக்கல் தீரவில்லை: பேசி முடிந்ததா என்பது அம்மாவுக்குத் தெரியவில்லை. காதருகே போனதும் திரை கறுத்துவிடுகிறது. கறுத்த திரையோடு மேசையில் வைத்துவிட்டு அவர் சமையலறைக்குப் போய்விடுவார். எதிர்முனையும் துண்டிக்காவிட்டால் இணைப்பு அப்படியே நீளும், அடுத்தவர் கூப்பிட்டால் "பிசி" என்று வரும். தனியாக இருப்பவரின் போன் நெடுநேரம் பிசியாக இருந்தால் வெளியூரில் இருப்பவர் நெஞ்சு என்ன பாடுபடும் என்பது எனக்குத் தெரியும்.

மடக்கு போனில் இந்தக் கேள்வியே எழவில்லை. திறந்தால் பேச்சு, மூடினால் முடிவு. அமைப்பில் "திறந்ததும் அழைப்பை எடு" என்பது இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில போன்களில் அணைத்தே வருகிறது. மூடியிருப்பதால் பொத்தான்கள் தானாக அழுந்துவதும் இல்லை. சாதாரண கீபேட் போன்கள் பலவற்றில் # பொத்தானை அழுத்திப் பிடித்தால் போன் மௌனமாகிவிடும். இடுப்பில் செருகிய போன் அப்படி மௌனமாகி, நாங்கள் பக்கத்து வீட்டாரை ஓடிப்போய்ப் பார்க்கச் சொன்ன நாட்கள் பழைய போனில் உண்டு.

அம்மா இரண்டு நாள் மடக்கு போனைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "இதை மூடினால் முடிந்ததுதானே, வேறு எதுவும் அழுத்த வேண்டாமே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படியானால் இதுவே இருக்கட்டும்." அழைப்புக்கு எது என்பது அங்கே முடிந்தது.

கீபேட் போனைப் பொருத்திய விதம்

ஒரே எண்ணை அழுத்திப் பிடித்தால் அழைப்பு போகும் வசதியைத்தான் முதலில் அமைத்தேன். 2 எனக்கு, 3 தம்பிக்கு, 4 எதிர்வீட்டு அத்தைக்கு, 6 வழக்கமாக வரும் ஆட்டோக்காரருக்கு, 7 மருந்துக் கடைக்கு. 5ஐயும் 9ஐயும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். 2017 முதல் இந்தியாவில் விற்கும் கீபேட் போன்களில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தால் அவசர எண் 112க்குப் போக வேண்டும் என்பது அரசு விதி. தெரியாமல் அதில் மகன் பெயரை வைக்கப் பார்த்தால் போன் ஏற்காது, அல்லது மகனுக்குப் பதில் 112க்குப் போகும். உங்கள் போனில் எந்த எண் அது என்று பார்த்து, அதையும் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுங்கள். 5இன் மேல் ஒரு சிறு மேடு இருக்கும். இருட்டில் விரல் அதைத் தொட்டுக்கொண்டு, நேர் மேலே போனால் 2. கண்ணாடி இல்லாமல் என்னைக் கூப்பிட அம்மா இப்படித்தான் பழகினார்.

அழைப்பொலியைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் நேரம் செலவிட்டோம். போனில் இருந்த கீச்சென்ற ஒலிகள் எங்களுக்குக் காதைத் துளைத்தன. அடுத்த அறையில் இருந்த அம்மாவுக்கோ விழவே இல்லை. முன்னே சொன்ன அதே உயர் ஒலி இழப்புதான். பழைய தொலைபேசி மணி போன்ற கனமான ஒலியை வைத்ததும் கொல்லையிலிருந்தே "போன் அடிக்கிறது" என்றார்.

சார்ஜர் முனை பழைய வகை மைக்ரோ யுஎஸ்பி. ஒரு பக்கமாகத்தான் நுழையும். தலைகீழாக அழுத்தித் திணித்தே பல போன்களில் அந்தத் துளை பாழாகிறது. முனையின் மேல்பக்கத்திலும் போனின் துளைக்கு மேலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். பொட்டும் பொட்டும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். அம்மா அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை.

எஸ்எம்எஸ் பெட்டி நிறைவதுதான் கீபேட் போனின் மறைமுகமான நோய். இந்த போன்களில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் செய்திகளைச் சேமிக்க இடமில்லை. விளம்பரச் செய்திகளால் பெட்டி நிறைந்துவிட்டால் புதியது உள்ளே வராது. சிலிண்டர்காரர் வாசலில் நிற்பார், எண் வந்திருக்காது. எல்லோரும் சிக்னலைக் குறை சொல்வார்கள். திரையின் மேல் ஓரத்தில் உறைச் சின்னம் மின்னிக்கொண்டே இருந்தால் பெட்டி நிறைந்திருக்கலாம். மொத்தமாக அழித்ததும் தேங்கியிருந்தவை வரிசையாக வந்து விழும். `START 0` என்று 1909க்கு அனுப்பி விளம்பரச் செய்திகளை நிறுத்தியதும் பெரும்பகுதி குறைந்தது.

ரீசார்ஜுக்கு இணையம் இல்லாத, குரலும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டத்தை எடுத்தோம். அத்தகைய திட்டங்களையும் கட்டாயம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதித்தது. 365 நாள் வரை செல்லுபடி வைக்கலாம். வோல்ட்டி அழைப்புக்கு இணைய இருப்பு தேவையில்லை. எஸ்எம்எஸ் இருப்பது அவசியம். அது இல்லாவிட்டால் அவசரப் பொத்தான் அனுப்பும் செய்தி போகாது.

அவசரப் பொத்தானும் எங்கள் போன்களும்

நாங்கள் வாங்கிய போனில் அவசரப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பதிந்துவைத்த எண்களுக்குச் செய்தி போகும், பிறகு ஒவ்வொருவராக அழைக்கும். முதல் எண்ணாக என்னுடையதை வைக்கவில்லை. கோவையிலிருந்து நான் வந்து சேர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதலில் எதிர்வீட்டு அத்தை, இரண்டாவது அவருடைய மகன், மூன்றாவதுதான் நான், எனக்குப் பிறகு தம்பி. சாவி ஒன்று அத்தை வீட்டில் இருக்கிறது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் சாவி பயன்படாது. அதனால் வாசல் கதவுக்கு வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு போட்டு, இரவில் தாழ்ப்பாளைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறோம்.

இரவு பதினோரு மணிக்கு எல்லோருக்கும் சொல்லிவைத்து ஒத்திகை பார்த்தோம். அத்தையின் போன் அடித்தது. தம்பியின் போன் அடிக்கவில்லை. இரவில் யாரும் தொந்தரவு செய்யாதபடி அவன் போனில் `Do Not Disturb` தானாக இயங்கும்படி வைத்திருந்தான். அம்மாவின் போனை எவ்வளவு நேர்த்தியாக அமைத்தாலும், நம் போன் இப்படி வாயை மூடிக்கொண்டிருந்தால் பயனில்லை. அம்மாவின் எண்ணுக்கு நட்சத்திரம் இட்டு, நட்சத்திரமிட்டவர்களின் அழைப்பை மட்டும் அந்த அமைப்பு அனுமதிக்கும்படி மாற்றினோம். அங்கேயே `Repeat callers` என்று ஒன்று உண்டு. அதை இயக்கினால் 15 நிமிடத்துக்குள் ஒரே எண்ணிலிருந்து இரண்டாம் முறை வரும் அழைப்பு மணி அடிக்கும். அத்தையின் மகன் வெளியூரிலிருந்து கூப்பிட்டாலும் அது உதவும்.

போன் உடம்போடு இருக்க வேண்டும் என்பதற்குக் கழுத்துக் கயிறு வாங்கினேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அவரே ஒரு சுருக்குப்பை தைத்து இடுப்பில் செருகிக்கொள்கிறார். குளிக்கும்போது அதைக் குளியலறைக் கதவின் உள்பக்கக் கொக்கியில் மாட்டுகிறார். அந்தக் கொக்கியை ஆணியடித்து இறக்கினோம்: தரையில் உட்கார்ந்த நிலையில் கை எட்டும் உயரத்துக்கு.

ஸ்மார்ட்போனும் வீட்டில் இருக்கிறது

பேரன் முகத்தை என்ன செய்வது? அந்த ஆண்ட்ராய்டு போனைத் திருப்பி எடுத்துப்போகவில்லை. கூடத்தில் அம்மா உட்காரும் நாற்காலிக்கு நேரே, மேசையில் ஒரு தாங்கியில் நிலையாக நிறுத்தினோம். அது வாட்ஸ்அப் வீடியோ அழைப்புக்கு மட்டும். காதில் வைக்க வேண்டியதில்லை, கையில் பிடிக்க வேண்டியதில்லை. மணி அடித்தால் அருகில் போய்ப் பச்சையை மேலே தள்ளினால் போதும். நிலையாக நிற்கும் போனில் அதை அம்மா எளிதாகப் பழகிக்கொண்டார். எப்போதும் சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பும் என்பதால், 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பை இயக்கினேன். அந்த அமைப்பு இல்லாத போன் என்றால் நேரம் வைத்து அணையும் ஸ்விட்சு ஒன்றை மின்கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

அதில் வேறு ஒரு சிம், வேறு ஓர் எண். இதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. வங்கி, ஆதார், ஓய்வூதியம், சிலிண்டர் எல்லாம் கீபேட் போனில் இருக்கும் பழைய எண்ணோடு இணைந்தவை. வாட்ஸ்அப் எண் புதியது, சொந்தக்காரர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது நடக்கும் மோசடிகளில் பல ஒரே வழியில் போகின்றன: அபராத ரசீது, கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு `.apk` கோப்பு வரும். தொட்டு நிறுவினால் அது எஸ்எம்எஸ்ஸைப் படித்து, வங்கியின் ஓடிபியை வெளியே அனுப்பிவிடும். ஓடிபி வரும் சிம் எதையும் நிறுவ முடியாத எளிய கீபேட் போனில் இருந்தால் அந்தக் கோப்புக்குப் படிக்க எதுவுமில்லை. வாட்ஸ்அப்பில் `Silence unknown callers` என்பதையும் இயக்கிவைத்தேன். போலீஸ் உடையில் வீடியோவில் வந்து மிரட்டுகிறவர்களுக்கு மணியே அடிக்காது. வாயால் கேட்டு ஓடிபியைப் பறிப்பவர்களை இந்த ஏற்பாடு தடுக்காது. அதற்கு அம்மாவிடம் ஒரே விதிதான்: வாசலில் சிலிண்டரோடு நிற்பவரைத் தவிர யாருக்கும் எண் சொல்லக் கூடாது. ஏதாவது நடந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிட வேண்டும் என்று அத்தைக்கும் சொல்லியிருக்கிறேன்.

மின்தடை வந்தால் வீட்டு வைஃபையோடு வீடியோவும் நின்றுவிடும். கீபேட் போன் நிற்பதில்லை.

இந்த ஏற்பாடு எல்லோருக்கும் பொருந்தாது. என் மாமா தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார். ஸ்மார்ட்போனில் செய்தி படித்து, மின்கட்டணம் கட்டி, நண்பர்களோடு அரட்டை அடிப்பவர். அவரிடமிருந்து அதைப் பிடுங்கிக் கீபேட் கொடுப்பது அநியாயம். அவருக்கு நாங்கள் செய்தது, இரண்டாவதாக ஒரு சிறிய கீபேட் போனைப் படுக்கையருகே வைத்தது மட்டுமே. மறதி நோய் தொடங்கியவர்களுக்கு மடக்கு போன்கூடக் கடினமாகலாம்; புதிய கருவி எதையும் அந்த நேரத்தில் அறிமுகப்படுத்தாமல், பழகிய போனின் அதே மாதிரியைத் தேடி வாங்குவது நல்லது.

மன்னார்குடிக்குப் போகும்போதெல்லாம் போன்களோடு கொஞ்ச நேரம் உட்காருகிறேன். எஸ்எம்எஸ் பெட்டியைக் காலி செய்கிறேன். பின்மூடியைத் திறந்து பேட்டரியை மேசையில் வைத்து விரலால் சுற்றிவிட்டுப் பார்க்கிறேன்; சுற்றினால் உப்பத் தொடங்கிவிட்டது என்று பொருள், மாற்ற வேண்டும். ஒலித்துளையைத் தூரிகையால் துடைக்கிறேன். ரீசார்ஜ் முடியும் தேதியை அம்மாவின் தினசரி காலண்டரிலும் என் போனிலும் குறிக்கிறேன். போன தடவை 7இல் இருந்த மருந்துக் கடை எண் மாறியிருந்தது. அதைத் திருத்திவிட்டு, அம்மாவையே அழுத்திப் பேசச் சொல்லி, மாத்திரையும் வரவழைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.